டிசம்பர் சீசனில் எந்த ஆர்டரை முதலில் அடிப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறோம். தினசரி காலண்டருக்குப் படம் அடித்த அட்டையை வெளியே வாங்கி, எங்கள் சிங்கிள் கலர் ஆஃப்செட்டில் கடைப் பெயர் அடித்து, தேதிக் கட்டை வைத்துப் பின் அடித்து அனுப்புவதுதான் வேலை. ஒரு மெஷின், மேசையில் 8 பேர். மெஷின் மணிக்கு 3,000 ஓடும், ஒரு பெயர் மாற்ற 30 நிமிடம். மை காய 4 மணி நேரம் விடுகிறோம். மேசையில் மணிக்கு 500 முடியும். இரண்டுமே நாளுக்கு உருப்படியாக 9 மணி நேரம் ஓடும். யாருக்கு முதலில் கொடுக்க வேண்டுமோ அவருக்கு முதலில் என்று தேதி வரிசைப்படிதான் அடிக்கிறோம். ஆனாலும் போன சீசனில் பெரிய ஆர்டர்கள் எல்லாம் தள்ளிப் போய், பழைய கடைகள் இரண்டு கைவிட்டுப் போயின. இந்தத் திங்கட்கிழமை கையில் இருக்கும் பட்டியலை இணைத்திருக்கிறேன். மேசையில் போன வாரப் பாக்கி 2,000 கிடக்கிறது. எதை முதலில் அடிப்பது? இன்னொரு மெஷின் வாங்கினால் தீருமா?

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பிய பட்டியலை முதலில் மணிக்கணக்காக மாற்றிக்கொள்வோம். அட்டை எண்ணிக்கையை வைத்து யோசிக்கும்போது 200 சின்னது, 9,000 பெரியது என்றுதான் தோன்றும். மெஷினைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். மெஷினில் 200 அட்டைக்கு ஓடும் நேரம் 4 நிமிடம், பெயர் மாற்றும் நேரம் 30 நிமிடம். ஆக ஒரு சின்னக் கடைக்கு 34 நிமிடம் போய்விடுகிறது. 9,000 அட்டைக்கு மூன்றரை மணி நேரம்தான். மேசையில் இது அப்படியே தலைகீழ்: 200 அட்டை 24 நிமிடத்தில் முடியும், 9,000 அட்டை இரண்டு முழு நாள் எடுக்கும்.

| ஆர்டர் | அட்டை | கிளம்ப வேண்டிய நாள் | மெஷின் | மேசை |
|---|---|---|---|---|
| உள்ளூர் இனிப்புக் கடை | 1,000 | செவ்வாய் | 50 நிமிடம் | 2 மணி |
| திருநெல்வேலி ஏஜென்ட் (20 பெயர், தலா 200) | 4,000 | புதன் | 11 மணி 20 நிமிடம் | 8 மணி |
| கோவில்பட்டி நகைக்கடை | 3,000 | வியாழன் | 1½ மணி | 6 மணி |
| மதுரை ஜவுளிக்கடை | 9,000 | வெள்ளி | 3½ மணி | 18 மணி |
| கூட்டுறவுச் சங்கம் | 6,000 | வெள்ளி | 2½ மணி | 12 மணி |
| சேலம் ஏஜென்ட் (10 பெயர், தலா 300) | 3,000 | சனி | 6 மணி | 6 மணி |

பட்டியலில் நீங்கள் எழுதியிருந்த தேதிகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வாடிக்கையாளர் சொன்ன தேதி, கட்டு அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி. நமக்கு வேண்டியது இங்கிருந்து லாரி ஏற வேண்டிய தேதி. மதுரைக்கு சனிக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை கடையில் இறங்க வேண்டுமென்றால் வெள்ளி இரவு பார்சல் ஆபீஸில் புக் ஆகியிருக்க வேண்டும். அதனால் அதை வெள்ளி என்று போட்டேன். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு நாளில்தான் உங்கள் வாரமே மாட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். மெஷினுக்கு இந்த வாரம் மொத்தம் 25 மணி 40 நிமிடம் வேலை. திங்கள் முதல் சனி வரை உங்களிடம் 54 மணி நேரம் இருக்கிறது. பாதி கூட நிரம்பவில்லை. மேசைக்கு 52 மணி நேர வேலை. போன வாரப் பாக்கி 2,000-க்கு 4 மணி நேரம் சேர்த்தால் 56. இருப்பது 54. இன்னொரு மெஷின் பற்றிய கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. இந்தப் பட்டியலுக்கு இரண்டாவது மெஷின் வாங்கினால், பின் அடிக்க ஆள் இல்லாத அட்டை அடுக்கு இன்னும் உயரமாகும், அவ்வளவுதான்.

ஆனால் 'எங்கள் தடங்கல் மேசைதான்' என்று நிரந்தரமாக முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் வேகங்களை வைத்துக் கணக்குப் போட்டால் 300 அட்டை ஆர்டர் ஒன்றுக்கு மெஷினிலும் 36 நிமிடம், மேசையிலும் 36 நிமிடம். அதற்குக் கீழே உள்ள ஆர்டர்கள் மெஷின் நேரத்தைத் தின்னும். மேலே உள்ளவை மேசை நேரத்தைத் தின்னும். ஒரு வாரத்தில் ஏஜென்ட் மூலம் 200 அட்டை வீதம் 80 கடைப் பெயர் வந்தால், மெஷினுக்கு 45 மணிக்கு மேல் வேலை, மேசைக்கு 32 மணிதான். அந்த வாரம் மெஷின்தான் தடங்கல். அப்போதும் உடனே மெஷின் வாங்க ஓட வேண்டாம். முதலில் அந்த 30 நிமிடத்தைப் பாருங்கள். அடுத்த பிளேட் தயாராகப் பக்கத்தில் இருந்து, அட்டை தட்டி அடுக்கி வைக்கப்பட்டிருந்து, பெயர் மாற்றுவது 20 நிமிடத்துக்கு வந்தால், 80 பெயருக்கு 13 மணி 20 நிமிடம் மிச்சம். ஒன்றரை நாள் கிடைத்த மாதிரி.

சரி, வரிசைக்கு வருவோம்.

தேதி வரிசைப்படி அடிப்பது தவறான பழக்கம் இல்லை. ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு கட்ட வேலை என்றால், மிக அதிகமாகத் தாமதமாகும் ஆர்டரின் தாமதத்தை முடிந்த வரை குறைக்கும் வரிசை அதுதான். 1955-இல் ஜாக்சன் என்பவர் அதைக் கணக்காகவே நிரூபித்திருக்கிறார். உங்கள் சிக்கல், வேலை இரண்டு கட்டமாக இருப்பதும், நீங்கள் முதல் கட்டத்தின் வரிசையை மட்டும் பார்ப்பதும்தான். தேதி வரிசைப்படி திங்கள் காலை என்ன நடக்கும் என்று பாருங்கள். இனிப்புக் கடைப் பெயர் முதலில் ஏறும். அடுத்து திருநெல்வேலிக்காரரின் 20 பெயர். செவ்வாய் மதியத்துக்குச் சற்று முன்புவரை மெஷினில் அதுவே ஓடும். அந்த நேரத்தில் மெஷினிலிருந்து வருவது 34 நிமிடத்துக்கு 200 அட்டை, அதாவது மணிக்கு 350 சொச்சம். மேசை மணிக்கு 500 முடிக்கக்கூடியது. அட்டை காய எடுக்கும் 4 மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் பழைய பாக்கி முடிந்து, இனிப்புக் கடை முடிந்து, திங்களன்று அடித்த பெயர்களும் முடிந்த பிறகு, செவ்வாய் மதியத்திலிருந்து ஒவ்வொரு 200-க்கும் 8 பேர் கை கட்டிக் காத்திருப்பார்கள். நான் நிமிடக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் செவ்வாய் மாலைக்குள் மேசை சுமார் இரண்டரை மணி நேரம் சும்மா இருக்கும். வாரம் முழுக்கப் பற்றாக்குறையாக இருக்கும் இடத்தில் இரண்டரை மணி நேரம் என்பது 1,250 காலண்டர்.

அதே நேரத்தில் மெஷின் பக்கம் வியர்த்து விறுவிறுத்து வேலை நடந்துகொண்டிருக்கும். மெஷின் நிற்காமல் ஓடுவதால் எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் முதலாளிக்குத் தெரியும். வெள்ளி இரவுதான் குட்டு வெளிப்படும்: அன்றைக்குள் முடிய வேண்டியது பாக்கியோடு சேர்த்து 50 மணி நேர வேலை, காத்திருந்தது இரண்டரை, கையில் இருந்தது 45. ஏறத்தாழ 3,800 காலண்டர் தரையில் நிற்கும். அது கடைசியில் எடுத்த ஆர்டரின் தலையில்தான் விடியும். அது எப்போதும் பெரிய ஆர்டர். போன சீசனில் உங்கள் பழைய கடைகள் கைவிட்டுப் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம்.

இரண்டு கட்ட வேலைக்கு 1954-இல் ஜான்சன் சொன்ன ஒரு விதி உண்டு. முதல் இடத்தில் கொஞ்ச நேரமும் இரண்டாவது இடத்தில் அதிக நேரமும் எடுக்கும் வேலைகளை முன்னால் விடு. முதல் இடத்தில் இழுத்து இரண்டாவதில் சட்டென முடிபவற்றைப் பின்னால் விடு. இரண்டாவது இடம் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம். அந்த விதிக்குத் தேதி தெரியாது. எல்லாமும் சேர்ந்து எப்போது முடியும் என்பதை மட்டும்தான் அது பார்க்கும். அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் இடத்தில் மெஷினுக்கு ஒரு வரிசை, மேசைக்கு வேறொரு வரிசை வேண்டும்.

மெஷினில் திங்கள் காலை இனிப்புக் கடையை 50 நிமிடத்தில் முடித்துவிட்டு, மதுரை 9,000-ஐ ஏற்றுங்கள். மதியச் சாப்பாட்டை ஒட்டி அது முடிந்துவிடும். அதன் பிறகு திருநெல்வேலி 20 பெயர், செவ்வாய் மாலைக்குள் முடியும். அடுத்து நகைக்கடை, கூட்டுறவுச் சங்கம், கடைசியாக சேலம். புதன் மாலையில் மெஷின் காலி.

மேசைக்கு விதி வேறு. காய்ந்து தயாராக இருப்பவற்றில் எதற்குத் தேதி முந்தியதோ அதை எடுக்க வேண்டும். திங்களன்று பழைய பாக்கி, இனிப்புக் கடை, நேரம் மிஞ்சினால் மதுரை. செவ்வாய் காலை, முந்தின நாள் அடித்துக் காய்ந்த திருநெல்வேலிப் பெயர்கள் 8 தயாராக இருக்கும். அவற்றை முடித்துவிட்டு மீண்டும் மதுரை. புதன் காலை மீதி 12 பெயரும் இரவே காய்ந்து கிடக்கும், மதியத்துக்குள் முடியும். திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன புதன் தவறாது. நடுவில் ஒரு நிமிடம் கூட மேசை சும்மா இராது, ஏனென்றால் மதுரை அட்டை எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. 9,000-ஐ முன்கூட்டி அடித்ததன் பலன் இதுதான். அதை முதலில் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்பதற்காக முன்னால் ஏற்றவில்லை. மேசைக்குத் தீனி வேண்டும் என்பதற்காக ஏற்றினோம்.

திங்கள் மதியம் மட்டும், பழைய பாக்கி தீர்ந்து புது அட்டை காயும் வரை, 50 நிமிட இடைவெளி வருகிறது. அடுத்த வாரங்களில் சனிக்கிழமை மாலை ஒரு பெரிய ஆர்டரை அடித்து வைத்துவிட்டுப் போனால் அதுவும் இருக்காது. ஞாயிறு முழுக்கக் காய்ந்திருக்கும்.

வரிசையைச் சரி செய்தாயிற்று. இருந்தும் வெள்ளிக்கு 50 மணி நேர வேலை, 45 மணி நேரம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வரிசை மாற்றுவதால் வீணாகும் நேரம் திரும்பக் கிடைக்குமே தவிர, இல்லாத நேரம் எங்கிருந்தும் வராது. இதைத் திங்கள் காலையிலேயே கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். கிளம்பும் தேதி வரிசையில் ஆர்டர்களை எழுதி, மேசை மணிகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் அந்த நாள் வரை உள்ள மொத்த மணியை எழுதுங்கள். உங்கள் பட்டியலுக்கு அது இப்படி வரும்: செவ்வாய் 6-க்கு 18, புதன் 14-க்கு 27, வியாழன் 20-க்கு 36, வெள்ளி 50-க்கு 45, சனி 56-க்கு 54. இடது பக்கம் வலது பக்கத்தைத் தாண்டும் முதல் நாள் எதுவோ, அங்கேதான் யாரோ ஒருவர் ஏமாறப் போகிறார். சனிக்கிழமையின் 2 மணி நேரம் பெரிய விஷயமில்லை. வெள்ளிதான் ஆபத்து.

அப்படித் தாண்டும்போது என்ன செய்வது? தாமதமாகும் ஆர்டர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றால், அந்த நாள் வரை உள்ளவற்றில் அதிக நேரம் தின்னும் ஒன்றை வெளியே எடு என்பார்கள். 1968-இல் மூர் எழுதிய முறை அது. உங்கள் பட்டியலில் அது மதுரையைத்தான் காட்டும், 18 மணி நேரம். ஆனால் அந்த முறைக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒன்றுதான், உங்களுக்கு அப்படியா? மதுரைக்காரரைக் கைவிட்டால் அடுத்த வருடம் உங்கள் வாசலுக்கே வர மாட்டார். அதே சமயம், மூர் கைகாட்டும் இடம் சரியானதுதான். மிகப் பெரிய ஆர்டரில்தான் வெட்டுவதற்கு இடம் இருக்கிறது. 9,000 காலண்டரையும் ஒரு ஜவுளிக்கடை ஒரே சனிக்கிழமையில் கொடுத்துத் தீர்க்கப் போவதில்லை. 6,000 சனிக்கிழமை, 3,000 செவ்வாய்க்கிழமை என்று பிரித்துத் தரலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வெள்ளியிலிருந்து 6 மணி நேரம் கழியும்: 44-க்கு 45. மீதி 3,000-இல் 2,000 சனிக்கிழமைக்குள் முடியும், 1,000 அடுத்த திங்கள் காலை, அன்றிரவே லாரி. பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால் மெஷினில் 9,000-ஐயும் ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம். பிரிப்பது மேசையில் மட்டும். மெஷினிலும் பிரித்தால் இன்னொரு 30 நிமிடம் தண்டம்.

இந்த ஃபோன் திங்கள் காலையில் போக வேண்டும். 'சனிக்கிழமை 6,000 உறுதியாக வந்துவிடும், பாக்கி செவ்வாய்' என்று ஐந்து நாள் முன்னால் கேட்பவர் பெரும்பாலும் சரி என்பார். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கேட்டால் அதே ஆள் அதே விஷயத்துக்குச் சத்தம் போடுவார்.

44-க்கு 45 என்பதும் பாதுகாப்பான இடமில்லை. ஒரு நாள் இரண்டு பேர் வரவில்லை என்றாலே போயிற்று. திங்கள் மதிய இடைவெளியும் அதில்தான் கழிய வேண்டும். எனவே புதனும் வியாழனும் மேசைக்கு இரண்டு பேரைக் கூடுதலாகப் போடுங்கள். இப்போது ஒருவர் மணிக்கு 60-க்குச் சற்று மேல் முடிக்கிறார். இரண்டு பேர், இரண்டு நாள் என்றால் சுமார் 2,250 காலண்டர். மேசைக்கு நாலரை மணி நேரம் கிடைத்த மாதிரி. புது ஆளுக்கு முதல் நாள் அந்த வேகம் வராது, பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தேதிக் கட்டு பிரித்து வைக்க, அட்டை தட்டி நீட்ட, கட்டுப் போட என்று விட்டு, பழகியவர்கள் பின் அடிப்பதை மட்டும் செய்தால் வேகம் குறையாது. டிசம்பரில் ஊரெல்லாம் இதே ஆட்களைத்தான் தேடும். அதனால் நவம்பரிலேயே சொல்லி வைப்பது உத்தமம். வீட்டுக்குக் கொடுத்துப் பின் அடிக்கச் சொல்வது இன்னொரு வழி. ஒரே பெயர் உள்ள பெரிய ஆர்டரை மட்டும் அப்படிக் கொடுங்கள். ஏஜென்டின் 20 பெயரை நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால், திரும்பி வரும்போது எந்தக் கடைக் கட்டில் எந்தக் கடை அட்டை என்று தேடுவதற்கே ஒரு நாள் போகும்.

மை நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலம் முடித்து சிவப்பு ஏற்ற உருளை கழுவ வேண்டியிருப்பதால், ஒரே நிறப் பெயர்களைச் சேர்த்து அடிப்பதை மெஷின்காரர் விரும்புவார். நல்ல விஷயம்தான், ஒரு எல்லையோடு. திருநெல்வேலியின் 20 பெயருக்குள் சிவப்பு எல்லாம் ஒன்றாக, நீலம் எல்லாம் ஒன்றாக ஓடட்டும். இந்த மாதிரி ஒரே நாள் கிளம்பும் பெயர்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் கலைத்து அடுக்கிக்கொள்ளட்டும். சனிக்கிழமை கிளம்பும் சேலம் பெயர்கள் நாலைந்து சிவப்பு என்பதற்காக அவற்றை புதன் பெயர்களுக்கு நடுவில் இழுக்க விடாதீர்கள். நாலு பெயரை இழுத்தால் ஒரு கழுவல் மிச்சமாகும், ஆனால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் புதன்கிழமைக்கான வேலை பின்னால் போகும். இந்த வாரம் மெஷினில் நேரம் நிறைய இருப்பதால் நிறத்தைச் சேர்த்து மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெஷின் தடங்கலாக இருக்கும் வாரத்தில்தான் இது கைகொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பட்டியலில் உள்ள ஆறும் உண்மையிலேயே அடிக்கத் தயாரா? அட்டை வந்து இறங்கிவிட்டதா, தேதிக் கட்டு எண்ணிக்கை சரியா, பெயர் ப்ரூஃபுக்கு ஓகே வந்ததா? நான் பார்க்கும் அச்சகங்களில் சீசன் நாட்களில் மெஷின் நிற்பதற்கு மெஷின் கோளாறு காரணமாக இருப்பது குறைவு. பிளேட் ஏறிய பிறகு, 'அண்ணே, அந்த ஃபோன் நம்பர் பழசு, மாத்திடுங்க' என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும். பிளேட்டை இறக்கி, வேறொன்றை ஏற்றி, மறுபடி இதை ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். ப்ரூஃப் ஓகே ஆகாத, அட்டையோ தேதிக் கட்டோ வராத ஆர்டர் வரிசைப் பலகையில் ஏறவே கூடாது. தனியே ஒரு ஓரத்தில் 'காத்திருப்பு' என்று எழுதி வையுங்கள். ஏஜென்டின் 20 பெயரில் 17-க்கு ஓகே வந்து 3-க்கு வரவில்லை என்றால், 17-ஐ அடித்துவிட்டு அந்த மூன்றுக்கும் புதன் கிளம்பாது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரே துரத்தி ஓகே வாங்கித் தருவார்.

காயும் நேரத்தையும் கவனியுங்கள். 4 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில் நாளில் போதுமானது. டிசம்பரில் நான்கு நாள் விடாமல் மழை பிடித்தால் போதாது, பளபளப்பான அட்டையில் மை இன்னும் மெதுவாகத்தான் இறுகும். அடுக்கின் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி, பெயரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். விரலில் மை வந்தாலோ, மேலிருந்த அட்டையின் பின்பக்கத்தில் பெயர் நிழல் போல விழுந்திருந்தாலோ, மேசைக்கு அனுப்பாதீர்கள். அடுக்கை உயரமாகப் போடாமல் பல சின்ன அடுக்காகப் போடச் சொல்லுங்கள். மழை நாளில் 4 மணியை 8 என்று வைத்துக்கொண்டால், அன்று அடித்தது மறுநாள்தான் மேசைக்கு வரும். அந்த ஒரு நாள் தீனி முன்கூட்டியே இருக்க வேண்டும். பெரிய ஆர்டரை முன்னால் அடிக்கும் பழக்கம் மழையிலும் உங்களைக் காப்பாற்றும்.

இந்த வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இவ்வளவு கணக்குப் போட வேண்டியதில்லை. மெஷினுக்கும் மேசைக்கும் நடுவில் காய்ந்து நிற்கும் அட்டையைக் காலையிலும் மதியமும் எண்ணுங்கள். அது 2,000-க்குக் கீழே இறங்கினால் மேசைக்கு அரை நாளுக்கும் குறைவான வேலைதான் இருக்கிறது என்று அர்த்தம். மெஷினில் ஓடும் பெயரை முடித்ததும் அடுத்ததாகக் கையில் உள்ள பெரிய ஆர்டரை ஏற்றுங்கள். 9,000-க்கு மேல் போனால் மேசைக்கு இரண்டு நாள் வேலை குவிந்திருக்கிறது. இனிப் பெரியதை ஏற்றிப் பயனில்லை, சின்னப் பெயர்களை நிதானமாக அடிக்கட்டும், அல்லது மெஷின் ஆளையே மேசைக்கு அனுப்புங்கள். மெஷின் இரண்டு மணி நேரம் நிற்பதைப் பார்க்க முதலாளிக்கு மனசு வராது. ஆனாலும் மேசை நிரம்பியிருக்கும்போது மெஷினை ஓட்டுவதால் ஒரு காலண்டர் கூடச் சீக்கிரம் கிளம்பாது.

இருபத்தைந்தாம் தேதிக்குப் பிறகு 'எனக்கு 100 மட்டும், ஒன்றாம் தேதிக்குள்' என்று வந்து நிற்பவர்களை என்ன செய்வது என்பது தனிப் பஞ்சாயத்து. 100 அட்டைக்கும் மெஷினில் 32 நிமிடம் போகும். அவர்களுக்கென்று மாலையில் கடைசி ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி, மூன்று பெயருக்கு மேல் எடுக்காதீர்கள். ரேட்டையும் அட்டைக் கணக்கில் பேசாமல், பெயருக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பகலில் ஓடும் வேலையை நிறுத்தி நடுவில் நுழைத்தால், நுழைத்ததற்கு ஒரு பெயர் மாற்றம், பழையதைத் திரும்ப ஏற்றுவதற்கு இன்னொரு மாற்றம் என்று ஒரு மணி நேரம் போய்விடும்.

மதுரைக்காரரிடம் பேசிவிட்டு, அவர் பிரித்து வாங்க ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கூட்டுறவுச் சங்கத்தைக் கேளுங்கள். உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் நாள் எப்போது என்று விசாரித்தால், 6,000-உம் வெள்ளியன்றே வேண்டுமா என்பது தெரிந்துவிடும். இருவரும் முடியாது என்றால் இரண்டு பேரைத் திங்கள் முதலே ஆறு நாளும் கூடுதலாகப் போட வேண்டும். அப்போது வெள்ளி வரை ஐந்து நாளில் 5,600 காலண்டர் அளவுக்கு, அதாவது 11 மணி நேரம், கூடுதலாகக் கிடைக்கும். புது ஆட்கள் பாதி வேகம்தான் என்றாலும் ஐந்தரை மணி நேரம் வரும், வெள்ளிக் குறை 5 மணி நேரம்தான். திங்கள் இடைவெளியை மேசை ஆட்கள் அட்டை தட்டி வைக்கவும் தேதிக் கட்டு பிரிக்கவும் பயன்படுத்தினால் இழுத்துப் பிடித்துவிடலாம்.